முறுக்குப் பொட்டலத்தில் தொடங்கும் வேலை: சிறு வணிகருக்கு மொழிபெயர்ப்பாளர் அனுப்பும் முதல் செய்தி

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஏதாவது ஒரு மளிகைக் கடைக்குள் போய், கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கும் முறுக்குப் பொட்டலங்களைத் திருப்பிப் பார்த்தால் பலவகை லேபிள்கள் கண்ணில் படும். சிலவற்றில் எல்லாம் முறையாக மலாயில் இருக்கும். சிலவற்றில் சேர்மானங்கள் ஆங்கிலத்தில் மட்டும். வேறு சிலவற்றில் மலாய் இருந்தாலும், படித்தால் என்ன மாவு என்றே புரியாது.

வீட்டிலிருந்தே வேலை செய்யும் தமிழ்–மலாய் மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கு அந்தப் பொட்டலம் ஒரு வாய்ப்பு. ஆனால் அந்த வாய்ப்பு வேலையாக மாறுவதும் மாறாமல் போவதும் பெரும்பாலும் அவர் அனுப்பும் முதல் வாட்ஸ்அப் செய்தியைப் பொறுத்தது. முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வரும் செய்திக்கு ஒரு சிறு வணிகர் எவ்வளவு நேரம் தருவார்? ஒரு கையில் ஜல்லிக்கரண்டி இருக்கும்போது அது சில நொடிதான்.

வழக்கமாகப் பலர் அனுப்பும் செய்தி இப்படித்தான் இருக்கும்:

"வணக்கம். நான் எட்டு ஆண்டு அனுபவமுள்ள சுதந்திர மொழிபெயர்ப்பாளர். தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் ஆவணங்கள், கடிதங்கள், இணையத்தளங்கள், விளம்பரங்கள், சான்றிதழ்கள் அனைத்தையும் தரமாகவும் விரைவாகவும் நியாயமான விலையிலும் மொழிபெயர்த்துத் தரப்படும். என்னைப் பற்றிய விவரங்களை இணைத்துள்ளேன். தேவைப்பட்டால் தொடர்புகொள்ளவும்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் முறுக்கு செய்து விற்கும் ஒரு பெண்மணி இதைப் படித்தால், 'எனக்கு எதுக்கு மொழிபெயர்ப்பாளர்?' என்றுதான் நினைப்பார். தமக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படுகிறது என்பதே அவருக்குத் தெரியாது. அவருக்குத் தேவைப்படுவது லேபிள். 'தேவைப்பட்டால் தொடர்புகொள்ளவும்' என்ற வரி, தேவை என்னவென்று கண்டுபிடிக்கும் வேலையையும் அவர் தலையிலேயே கட்டிவிடுகிறது.

இணைப்பு இன்னொரு சிக்கல். தெரியாத எண்ணிலிருந்து வரும் கோப்பைத் திறந்து பணத்தை இழந்தவர்களைப் பற்றிய செய்திகள் நம் நாட்டில் அடிக்கடி வருகின்றன. கல்யாண அழைப்பிதழ் என்ற பெயரில்கூட மோசடிச் செயலிகள் அனுப்பப்பட்டிருக்கின்றன. எனவே முதல் செய்தியில் கோப்பும் வேண்டாம், சுட்டியும் வேண்டாம். எச்சரிக்கையான வணிகர் அதைத் திறக்கமாட்டார்.

நல்ல செய்தி எழுத உட்காரும்முன் கொஞ்சம் வேலை இருக்கிறது. பொட்டலத்தை ஒழுங்காகப் படிக்க வேண்டும்.

மலேசியாவில் உணவு லேபிள்களுக்கான விதிகள், 1983ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின்கீழ் வந்த 1985ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகளில் உள்ளன. மொழியைப் பற்றிச் சொல்வது பத்தாவது விதிமுறை. இந்நாட்டில் தயாரிக்கப்படும் அல்லது பொட்டலமிடப்படும் உணவு என்றால், லேபிளில் கட்டாயமாக இருக்க வேண்டிய விவரங்கள் மலாயில் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் உணவு என்றால் மலாய் அல்லது ஆங்கிலம், இரண்டில் ஒன்று போதும். இரண்டிலும் கூடுதலாக வேறு மொழிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே தமிழில் எழுதத் தடையில்லை. தமிழில் மட்டும் எழுதினால்தான் போதாது.

இந்த வேறுபாடு தெரியாமல் செய்தி அனுப்புபவர் முதல் அடியிலேயே வழுக்கி விழுவார். சென்னையிலிருந்து வந்த முறுக்குப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, அதை இறக்குமதி செய்பவரிடம் 'உங்கள் லேபிளில் மலாய் இல்லையே' என்று எழுதினால், அவர் சிரித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். ஆங்கிலமே அவருக்குப் போதும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது பொட்டலத்தின் பின்பக்கத்தில் இருக்கும் தயாரிப்பாளரின் முகவரி. காப்பாரோ, பந்திங்கோ, ரவாங்கோ என்றால் மேலே படிக்கலாம்.

அடுத்து, வணிகர் எந்த மொழியில் புழங்குகிறார் என்பது. அவருடைய முகநூல் பக்கத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். தமிழில் எழுதுபவருக்குத் தமிழில் அனுப்பலாம். நன்றாகத் தமிழ் பேசினாலும் தேசியப் பள்ளியில் படித்ததால் தமிழ் எழுத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களும் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு மலாயில் அனுப்புவதே மரியாதை. மொழிபெயர்ப்பாளரின் மலாய் எப்படி இருக்கும் என்பதற்கு அந்தச் செய்தியே சாட்சியாகவும் ஆகிவிடும்.

இப்போது ஓர் எடுத்துக்காட்டு. காப்பாரில் சிறு பட்டறை வைத்து ஓம முறுக்கு, அச்சு முறுக்கு, மிக்சர் செய்து, கிள்ளான் கடைகளுக்குப் போடும் ஒரு பெண்மணி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவருடைய பொட்டலத்தில் சேர்மானங்கள் ஆங்கிலத்தில் மட்டும் உள்ளன. முகநூலில் தமிழில் எழுதுகிறார். அவருக்கு இப்படி ஒரு செய்தி அனுப்பலாம்:

"வணக்கம் அக்கா. சனிக்கிழமை கிள்ளான் லிட்டில் இந்தியாவில் உங்கள் ஓம முறுக்கு வாங்கினேன். பொட்டலத்தில் சேர்மானங்கள் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தன. இங்கேயே செய்யும் உணவுக்கு அவை மலாயிலும் இருக்க வேண்டும். நான் மேருவில் இருந்து தமிழ்–மலாய் மொழிபெயர்ப்பு செய்கிறேன். ஒரு லேபிளை மலாயில் எழுதி, அச்சுக்குப் போகும்முன் மாதிரியையும் பார்த்துத் தர 80 வெள்ளி, இரண்டு நாள் ஆகும். நீங்கள் அடுத்து லேபிள் அச்சடிப்பது எப்போது அக்கா?"

கீழே பெயர். அவ்வளவுதான்.

முதல் வரியில் முறுக்கு இருப்பது தற்செயல் அல்ல. கைப்பேசித் திரையில் அறிவிப்பாகத் தெரிவது தொடக்கச் சொற்கள் மட்டும்தான். 'நான் எட்டு ஆண்டு அனுபவமுள்ள' என்று தெரிந்தால் அது விளம்பரம். 'உங்கள் ஓம முறுக்கு வாங்கினேன்' என்று தெரிந்தால் அது வாடிக்கையாளர். ஏதோ குறை சொல்லப்போகிறாரோ என்ற பதற்றத்திலாவது திறந்து பார்ப்பார். ஆனால் அது உண்மையாக இருக்க வேண்டும். வாங்காமல் வாங்கினேன் என்று எழுதி, 'எந்தக் கடையில வாங்குனீங்க?' என்று அவர் கேட்டால் கதை முடிந்தது. ஒரு பொட்டலம் முறுக்கின் விலை இந்தத் தொழிலுக்கான முதலீடு என்று நினைத்துக்கொள்ளலாம், தின்னவும் ஆகும்.

குறையைச் சொல்லும் விதமும் கவனிக்க வேண்டியது. 'சுகாதார அமைச்சு பிடித்தால் அபராதம்' என்று எழுதினால் செய்தி வேகமாக வேலை செய்யும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது மிரட்டலாகத்தான் கேட்கும். இவரே புகார் கொடுத்துவிடுவாரோ என்ற சந்தேகமும் சேர்ந்துகொள்ளும். சட்டம் சொல்வதை ஒரே வரியில், ஒரு தகவலாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது போதும். அந்தப் பெண்மணி அந்த லேபிளைக் கூச்சப்பட்டுக்கொண்டே யாரிடமாவது கேட்டு எழுதி வாங்கியிருப்பார். அதைக் கடை வாசலில் வைத்துக் குத்திக்காட்டக் கூடாது. இதே காரணத்துக்காகத்தான் இந்தச் செய்தியை அவருடைய முகநூல் பதிவின்கீழ் எல்லாரும் பார்க்கும்படி எழுதாமல், தனியாக அனுப்ப வேண்டும்.

விலையை முதல் செய்தியிலேயே சொல்லலாமா என்பதில் மொழிபெயர்ப்பாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. பெரிய நிறுவனத்துக்கு எழுதும்போது பொறுத்திருக்கலாம். சிறு வணிகர் விஷயத்தில் சொல்லிவிடுவதே நல்லது. விலை தெரியாத சேவை அவருக்குப் பயம். கேட்டால் மாட்டிக்கொள்வோமோ என்று பதில் போடாமல் இருந்துவிடுவார்.

சொல் கணக்கில் விலை சொல்வதும் இங்கே உதவாது. ஒரு முறுக்கு லேபிளில் அறுபது சொல் இருக்கும். ஒரு சொல்லுக்கு 25 சென் என்று கணக்குப் போட்டால் வருவது 15 ரிங்கிட். ஆனால் வேலை அறுபது சொல்லோடு முடிவதில்லை. சேர்மானங்களைக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும், எழுத வேண்டும், அச்சகம் அனுப்பும் மாதிரியைப் பார்க்க வேண்டும். எப்படியும் இரண்டு மணி நேரம் போய்விடும். 15 ரிங்கிட்டுக்கு ஒப்புக்கொண்டால் அந்த மாதிரியைப் பார்க்கும் வேலையைத்தான் கைவிடத் தோன்றும். முழு லேபிளுக்கு ஒரே விலை என்றால் இருவருக்கும் குழப்பமில்லை. எடுத்துக்காட்டில் உள்ள 80 ரிங்கிட் ஒரு கணக்குக்காகச் சொன்னது. ஒவ்வொருவரும் தம் நேரத்தை வைத்து முடிவுசெய்துகொள்ளலாம்.

செய்தியின் கடைசியில் இருக்கும் கேள்விதான் பதிலைக் கொண்டுவரும். 'வேலை தருகிறீர்களா?' என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்வது எளிது. 'அடுத்து அச்சடிப்பது எப்போது?' என்பதற்கு யோசிக்காமலே பதில் சொல்லலாம். அதோடு, உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியதும் அதுதான். அவரிடம் ஏற்கெனவே இரண்டாயிரம் ஸ்டிக்கர் அச்சடித்துக் கிடக்கும். காசு போட்டு அடித்ததைத் தூக்கிப் போட எந்தச் சிறு வணிகருக்கும் மனம் வராது. புது லேபிளைப் பற்றி அவர் நினைப்பதே பழையது தீரும்போதுதான். தீபாவளிக்கு ஏழெட்டு வாரம் முன்பு அனுப்பும் செய்திக்கு இருக்கும் மதிப்பு, தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது கிடைக்காது. அப்போது அவர் எண்ணெய்ச் சட்டியைவிட்டு நகரமாட்டார்.

சரி, அவர் பதில் போடுகிறார்: "அடுத்த மாசம் அடிப்போம்மா. ஆனா எங்க பையனே மலாய்ல எழுதிடுவான்னு சொல்றான்."

இங்கேதான் பல மொழிபெயர்ப்பாளர்கள் 'சரிங்க அக்கா, நன்றி' என்று விலகிவிடுகிறார்கள், அல்லது பையனின் மலாயைக் குறைத்துப் பேசிவிடுகிறார்கள். இரண்டுமே தேவையில்லை. பையனுக்கு மலாய் நன்றாகவே வரும். பள்ளியில் பதினோரு ஆண்டு படித்திருப்பான். சிக்கல் மலாயில் இல்லை, முறுக்கில் இருக்கிறது. அதைக் காட்ட ஒரே ஒரு கேள்வி போதும்: "நல்லது அக்கா. கடலை மாவை மட்டும் எப்படி எழுதுறார்னு பார்த்துக்குங்க."

கடலை மாவு என்று நாம் சொல்வது கொண்டைக்கடலை வகையிலிருந்து வருவது. மலாயில் அது தெபுங் காச்சாங் குடா. ஆனால் 'கடலை' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டால் அது எளிதாகக் காச்சாங் தானா, அதாவது நிலக்கடலை ஆகிவிடும். மொழியில் இது ஒரு சொல் பிழை. உணவு லேபிளில் அப்படி அல்ல. கோதுமை போன்ற குளூட்டன் உள்ள தானியங்கள், நிலக்கடலையும் சோயாவும் அடங்கிய கொட்டை வகைகள், மீன், பால், முட்டை ஆகியவை சிலருக்கு ஒவ்வாமை தருபவை என்பதால் அவற்றை லேபிளில் கட்டாயம் அறிவிக்க வேண்டும். நிலக்கடலையே இல்லாத முறுக்கில் காச்சாங் தானா என்று போட்டால், நிலக்கடலை ஒவ்வாத குழந்தை உள்ள வீட்டில் அந்தப் பொட்டலத்தைத் தொடமாட்டார்கள். வணிகர் ஒரு வாடிக்கையாளரைக் காரணமில்லாமல் இழக்கிறார். இதற்கு நேர்மாறாக நடந்தால் இழப்பு வாடிக்கையாளருக்கு.

நேர்மாறாக நடக்கும் இடமும் அதே முறுக்கில் இருக்கிறது. அந்தப் பெண்மணி ஒப்புக்கொண்டு, சேர்மானங்களைக் குரல்பதிவில் அனுப்புகிறார்: அரிசி மாவு, உளுத்தம் மாவு, கடலை மாவு, ஓமம், உப்பு, பெருங்காயம், எண்ணெய். மொழிபெயர்ப்பாளர் ஏழையும் அப்படியே மலாயாக்கி அனுப்பிவிட்டால் வேலை முடிந்த மாதிரி தெரியும். முடியவில்லை.

பெருங்காயம் கடையில் தூளாகக் கிடைக்கும்போது பெரும்பாலும் தனிப் பெருங்காயமாக இருப்பதில்லை. பிசினோடு கோதுமை மாவோ அரிசி மாவோ கலந்துதான் தூளாக்குகிறார்கள். எந்த மாவு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆகவே கேட்க வேண்டியது: "அக்கா, நீங்க போடுற பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா?" அதில் கோதுமை இருந்தால், அரிசி முறுக்கு என்று நாம் நினைக்கும் முறுக்கில் கோதுமையும் இருக்கிறது. குளூட்டன் ஆகாதவர்களுக்கு அது தெரிய வேண்டும். லேபிளில் தெபுங் காண்டும் என்ற இரண்டு சொல் கூடுதலாக வரும். செய்பவருக்கே இது தெரியாமல் இருந்திருக்கலாம். ஒரு சிட்டிகைதானே என்று அவர் நினைப்பதிலும் வியப்பில்லை.

எண்ணெய்க்கும் இதே கதைதான். 'எண்ணெய்' என்று மட்டும் எழுதினால் போதாது. எதிலிருந்து எடுத்த எண்ணெய் என்பதையும் சொல்ல வேண்டும். செம்பனை எண்ணெய் என்றால் மின்யாக் சாவிட். பிறகு வரிசை. சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில் எழுத வேண்டும். நாம் சமையல் குறிப்புச் சொல்லும்போது எண்ணெயைக் கடைசியில் சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆனால் முறுக்கு குடிக்கும் எண்ணெயின் எடை ஓமத்தையும் உப்பையும்விட எவ்வளவோ அதிகம். அது மேலே போக வேண்டும். உளுத்தம் மாவு அதிகமா, கடலை மாவு அதிகமா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். அளவு எவ்வளவு என்று கேட்கக் கூடாது. அது அவருடைய தொழில் ரகசியம். எது கூட, எது குறைய என்று கேட்டால் போதும்.

அச்சகத்திலிருந்து மாதிரி வரும்போது இன்னொரு முறை கண் வேண்டும். மலாய் வரிகளை வடிவமைப்பவர் திரும்பத் தட்டச்சு செய்யும்போது ஓர் எழுத்து விழுந்துவிடலாம். தமிழும் சேர்த்துப் போடும் லேபிள் என்றால் கவனம் இரண்டு மடங்கு தேவை. சில வடிவமைப்பு மென்பொருள்களில் தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் அமைப்பு இயக்கப்படாமல் இருக்கும். அப்போது கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகி, தவறான பக்கத்தில் போய் நிற்கும். தமிழ் தெரியாத வடிவமைப்பாளருக்கு அது பிழையாகவே தெரியாது. 'கொடு' என்ற சொல்லில் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்கிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். இரண்டாயிரம் ஸ்டிக்கர் அடித்த பிறகு கண்டுபிடித்தால் பயனில்லை. முதல் செய்தியில் 'மாதிரியையும் பார்த்துத் தர' என்று எழுதியதன் பொருள் இதுதான். வணிகருக்குப் பெரிய பயம் மொழிபெயர்ப்புக் கட்டணம் அல்ல, தப்பாக அச்சடித்துவிட்டு மறுபடி அடிக்கும் செலவு.

இவ்வளவு செய்தாலும் மொழிபெயர்ப்பாளர் தரக் கூடாத வாக்குறுதி ஒன்று உண்டு. 'இந்த லேபிள் எல்லா விதிக்கும் சரியாக இருக்கும்' என்று அவர் சொல்லக் கூடாது. எழுத்தின் அளவு, எடை, தேதி, கூடுதல் பொருள்கள் என்று விதிமுறைகளில் மொழிக்கு அப்பாற்பட்ட விஷயங்கள் பல உள்ளன. சொல்லப்பட்ட சேர்மானங்களைச் சரியான மலாயில், சரியான வரிசையில் எழுதித் தருவதுதான் அவர் பொறுப்பு. ஐயம் இருந்தால் மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் உணவுப் பிரிவில் கேட்கச் சொல்வது நல்லது. இதை வேலை தொடங்கும்முன் ஒரே வரியில் எழுதிவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

பதிலே வராவிட்டால்? நீல நிறக் குறி விழுந்தும் பதில் இல்லை என்றால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். 'பார்த்தீர்களா?' என்று கேட்காமல், பயன்படக்கூடிய ஒன்றைச் சொல்லலாம்: "அக்கா, மிக்சர் பொட்டலத்தையும் பார்த்தேன். அதில் நிலக்கடலை இருக்கிறது, லேபிளில் இல்லை. அச்சடிக்கும்போது சேர்த்துவிடுங்கள்." வேலை கிடைக்காவிட்டாலும் அந்த வரி அந்தப் பொட்டலத்தில் ஏறினால் யாரோ ஒருவருக்கு நல்லது. அதன்பிறகு நிறுத்திவிட வேண்டும். 'இனி அனுப்பாதீங்க' என்று அவர் சொன்னால் மன்னிப்புக் கேட்டு எண்ணை அழித்துவிடுவதே முறை. தம் விவரங்களை நேரடி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதை நிறுத்தும்படி எழுத்துப்பூர்வமாகக் கேட்கும் உரிமையை 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தந்திருக்கிறது.

பதில் போட்டவர்களில் பலர் 'இப்ப இல்ல, ஸ்டாக் இருக்கு' என்பார்கள். அது மறுப்பு அல்ல. எத்தனை ஸ்டிக்கர் மிச்சம், மாதம் எவ்வளவு போகிறது என்று அவரே சொல்லிவிட்டால் கணக்கு எளிது. 1,200 மிச்சம், மாதம் 300 போகிறது என்றால் நான்கு மாதம். மூன்றாவது மாதத் தொடக்கத்தில், அதே உரையாடலின்கீழ், "அக்கா, லேபிள் தீர்ந்துகிட்டு வருதா?" என்று ஒரு வரி.